ஐந்தாம் வாய்க்காலுக்கு ஏன் புதன்?

"இவ்வளவுதானோ?"

"ஓம். காணும்."

"புதுசா வாறவருக்கு விளங்க வேணுமே?"

"விளங்கும். அவரும் படிச்சுப்போட்டுத்தானே வாறார்."

"படிச்சுப்போட்டு வந்த உங்களுக்கு இந்தக் குளம் விளங்க மூண்டு வருசம் எடுத்தது. அவருக்கு மட்டும் இந்தத் துண்டுக் கடதாசி காணுமோ?"

வாய்க்கால்களைப் பார்க்கும் ஓவசியர் முத்துலிங்கம் சிரித்தான். அவன் சிரிப்பும் அவனுடைய பேச்சைப் போலத்தான், தொடங்கு முன்பே முடிந்துவிடும். பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உம்மட்டை ஒண்டு கேக்க இருக்கு."

தட்டச்சு இயந்திரத்தில் விமலேஸ்வரியின் விரல்கள் நின்றன. "கேளுங்கோ."

அந்த நேரம் பார்த்துத்தானா பூநகரி பஸ் ஹோர்ன் அடிக்க வேண்டும்! அவள் வீட்டுக்குப் போவதற்கு அதை விட்டால் வேறு பஸ் இல்லை. "பிறகு கேக்கிறன். பஸ்ஸை விடாதேயும்," என்றான் அவன்.

அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. வைகாசியில் அவன் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனான். இப்போது ஆடி பிறந்துவிட்டது. பாலையடிக்குளம் நீர்ப்பாசன உப அலுவலகத்தில் லிகிதராக இருக்கும் விமலேஸ்வரி, அந்தக் கடைசிப் பேச்சை எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட விட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தரமும் பஸ் சரியான நேரத்துக்கு வந்து கெடுத்தது.

இனி அதிக நாளும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை புலோலியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை கொழும்பில் வங்கி வேலை. அவள் தகப்பன் ஏரம்பருக்கு முழுச் சம்மதம். முத்துலிங்கத்தின் பேரை வீட்டில் எடுக்க அவளுக்குத் துணிவில்லை. அதற்குக் காரணமும் அந்தத் துண்டுக் கடதாசியில்தான் இருந்தது.

அலுவலக மேசைக் கண்ணாடிக்குக் கீழே அது இன்னும் கிடந்தது. அவளே தட்டச்சுச் செய்த ஐந்து வரிகள்.

பெரிய துருசு: அரைவாசிக்கு மேல் திறக்க வேண்டாம்.
1, 2, 3ஆம் வாய்க்கால்: திங்கள் முதல் புதன் வரை.
4, 5ஆம் வாய்க்கால்: வியாழன் முதல் சனி வரை.
5: புதன் பின்னேரம் திறக்கவும்.
மருதடிப் பலகை: எடுக்க வேண்டாம்.

துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் விட முடியாது. போகத் தொடக்கத்தில் கமக்காரர் கூட்டம் போட்டு, யாருக்கு எந்த நாள் என்று முறை வகுப்பார்கள். குளத்துக்கு அண்மையில் உள்ள முதல் மூன்று வாய்க்கால்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்களுக்குப் போகின்றன. ஏரம்பரின் வயல் இரண்டாம் வாய்க்காலில். ஐந்தாம் வாய்க்கால் எல்லாவற்றுக்கும் கடைசித் தொங்கலில், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் வயல்வெளியான கடைக்கண்டத்துக்கு.

தங்கள் முறை முடியாத புதன் பின்னேரமே ஐந்தாம் வாய்க்காலின் கதவைத் திறப்பது ஏன் என்று ஏரம்பர் மூன்று வருடமாகக் கேட்டார். முத்துலிங்கத்திடம் கேட்கவில்லை. தேநீர்க் கடையில் கேட்டார், கோயிலில் கேட்டார், ஒரு தரம் பெட்டிசமும் எழுதினார். "ஓவசியருக்கு அங்காலையிருந்து கோழியும் முட்டையும் போகுது. அதுதான் எங்கட தண்ணி அவைக்குப் போகுது," என்பது அவர் கண்டுபிடிப்பு. முத்துலிங்கம் மச்சம் மாமிசம் தொடாதவன் என்று விமலேஸ்வரிக்குத் தெரியும். ஆனால் அது தனக்கு எப்படித் தெரியும் என்று தகப்பன் கேட்டால் என்ன சொல்வது?

புதிதாக வந்த ஓவசியர் நடராசா கெட்ட மனிதர் அல்ல. வந்த முதல் கிழமையே கமக்காரர் கூட்டத்தின் தீர்மானத்தை எடுத்து வைத்து, குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மிஸ், மூண்டாவது வரியிலை வியாழன் எண்டு கிடக்கு. நாலாவது வரியிலை புதன் எண்டு கிடக்கு. எது சரி?"

"ரெண்டும் சரி சேர். அவர் புதன்தான் திறக்கிறவர்."

"ஏன்?"

விமலேஸ்வரி அதை முத்துலிங்கத்திடம் ஒருநாளும் கேட்டதில்லை. கடைக்கண்டம் வரை அவள் போனதே இல்லை. அதற்குள் ஏரம்பரும் இன்னும் நாலு பேரும் வந்து முறையிட்டுவிட்டார்கள். காரணம் தெரியாத ஒரு வரியை விட, கையெழுத்துப் போட்ட தீர்மானம் நடராசாவுக்குப் பாரமாகத் தெரிந்ததில் என்ன பிழை? அன்றிலிருந்து ஐந்தாம் வாய்க்கால் வியாழன் காலையில்தான் திறபட்டது. நல்ல காலம், ஆனியில் இரண்டு மழை பெய்து எல்லாவற்றையும் மூடி மறைத்தது. ஆடியில் மழை நின்றது.

திங்கட்கிழமை கடைக்கண்டத்து அழகம்மா அலுவலக வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளே வராமல் அங்கிருந்தே பேசினாள்.

"ஐயா, நாங்க சண்டைக்கு வரலைங்க. பயிரு குடலையில நிக்குது, கதிரு வர்ற நேரம். இப்ப தண்ணி கட்டலைன்னா பதருதாங்க மிச்சம்."

"வியாழக்கிழமை திறந்துதானே விட்டனான் அம்மா?"

"நீங்க தொறந்தீங்க. எங்களுக்கு வந்தது சனிக்கிழமைதாங்க. வந்து கால நனைக்கிறதுக்குள்ள பூட்டிட்டீங்க."

"ரெண்டு நாளோ? அவ்வளவு தூரம் இல்லையே!"

"அது என்னமோங்க. பழைய ஐயா இருக்கையில வியாழக்கெழம விடிஞ்சா தண்ணி நிக்கும். அவரு என்ன மந்திரம் போட்டாரோ."

நடராசா நெற்றியைத் தேய்த்தார். அழகம்மா போனதும் விமலேஸ்வரியிடம் திரும்பினார். "உங்கட ஆளைக் கேளுங்கோ மிஸ், என்ன மந்திரம் எண்டு."

'உங்கட ஆள்' என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் காது சிவந்ததை அவர் கவனிக்கவில்லை.

வவுனியாவுக்குத் தொலைபேசி எடுப்பது அன்று லேசான வேலையல்ல. மத்தியானம் வரை காத்திருந்து இணைப்புக் கிடைத்தபோது, மறுமுனையில் கடலிரைச்சல் மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவே, "ஹலோ, முத்துலிங்கம்."

"நான் விமலா!" என்று கத்தினாள். "ஐஞ்சாம் வாய்க்காலுக்கு ஏன் புதன்?"

"மணல்."

"என்ன?"

"மணல்!"

"மணலெண்டால்?" என்று அவள் கேட்கும்போதே இணைப்பு அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கிறாள், கிடைத்தது ஒரு சொல்!

ஆனால் புதன் மத்தியானம் பஸ்ஸால் அவனே இறங்கி வந்தான். இரண்டு நாள் லீவு போட்டிருந்தான். "போனிலை விளங்கப்படுத்தேலாது," என்று நடராசாவிடம் சொன்னான். விமலேஸ்வரியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"வாய்க்காலைத் திறவுங்கோ. நடந்து பாப்பம்," என்றான்.

பின்னேரம் நாலு மணிக்கு நடராசா ஐந்தாம் வாய்க்காலின் கதவை உயர்த்தினார். தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு இறங்கியது. அதே வேளை, எதிர்பார்த்தபடி, ஏரம்பரின் சைக்கிளும் வந்து இறங்கியது.

"இதென்ன ஞாயம் ஓவசியர்? இண்டைக்குப் புதன். பொழுதுபடும் வரை எங்கட முறை." பிறகுதான் முத்துலிங்கத்தைக் கண்டார். "ஓ, கோழிக்காரரும் வந்திருக்கிறாரோ?"

"அப்பா!" என்றாள் விமலேஸ்வரி.

"நீ என்ன பிள்ளை இங்கை? கந்தோர்ப் பிள்ளைக்கு வாய்க்காலிலை என்ன வேலை?"

"குறிப்பைத் திருப்பி எழுத வேணும். பாராமல் எப்பிடி எழுதுறது?"

முத்துலிங்கத்தின் முகத்தில் கோபம் இல்லை. "ஐயாவும் வாங்கோவன்," என்றான்.

"நான் ஏன் வாறன்? ஆ, வாறன்! என்ன கூத்தெண்டு பாக்கத்தானே வேணும்."

தண்ணீரின் தலையோடு நாலு பேரும் நடந்தார்கள். முதலில் அது களிமண் தரையில் ஓடியது. எட்டி நடந்தால்தான் அதனுடன் போகலாம். ஏரம்பர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். "பாத்தீரே, குதிரை மாதிரி ஓடுது! இதுக்கு ஒரு இரவு வேணுமோ?" பாலை மரங்கள் நிற்கும் வளைவைத் தாண்டியதும் வாய்க்காலின் அடி வெளுத்தது. மண் வெள்ளை மணலாக மாறியது. அந்த இடத்தில் தண்ணீரின் தலை காணாமல் போனது.

போனது என்றால் போனதுதான். பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. முன்னால் ஒரு முழம் போய், மணலுக்குள் இறங்கி, குமிழி விட்டு நின்றது. மறுபடி ஒரு முழம். மறுபடி குமிழி.

ஏரம்பர் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுருட்டொன்றைப் பற்ற வைத்தார். தன் செருப்பை எடுத்து, தண்ணீரின் தலைக்கு நாலு முழம் தள்ளி மணலில் வைத்தார். சுருட்டு முடிந்தது. செருப்பு இன்னும் நனையவில்லை.

"இது எவ்வளவு தூரம், இந்த மணல்?" நடராசா கேட்டார்.

"அந்தா, அந்த மதகு மட்டும்."

மதகு கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது.

"போன கிழமையும் தண்ணி குடிச்சதுதானே இந்த மணல்?"

"நாலு நாள் காய்ஞ்சால் திரும்பவும் முதலிலை இருந்து குடிக்கும். நல்லாய் ஊறின பிறகுதான் மேலாலை ஓட விடும். ஒரு இரவு வேணும். பகலிலை திறந்தால் வெயிலும் சேர்ந்து குடிக்கும், ரெண்டு நாள் செல்லும்."

நடராசா மணலில் குந்தியிருந்து அதைக் கையால் அள்ளிப் பார்த்தார். "அப்ப நான் வியாழன் திறந்து, வியாழன் தண்ணியையும் வெள்ளித் தண்ணியையும் மணலுக்குக் குடுத்துப்போட்டன்."

"உங்களிலை பிழையில்லை. நான் எழுதேல்லை."

ஏரம்பர் செருப்பை எடுத்துத் தட்டிக் காலில் மாட்டினார். பொழுதுபடும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. விமலேஸ்வரிக்குத் தெரிந்த வரையில் அது ஒரு சாதனை.

வியாழன் காலையில் அலுவலகத்துக்குப் போக முன், அவளாகவே இரவல் சைக்கிளொன்றைக் கடைக்கண்டத்துக்கு விட்டாள். அழகம்மா முழங்காலுக்கு மேலே சீலையைச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் தன் வரம்பைத் திறந்துகொண்டிருந்தாள். வயலுக்குள் தண்ணீர் மெல்லப் பரவியது.

"வந்துருச்சு அக்கா!" விமலேஸ்வரியை விட அவள் பதினைந்து வயது மூப்பு. மகிழ்ச்சியில் அதெல்லாம் பார்க்கவில்லை. "பழைய ஐயா வந்துட்டாராமே? இங்கயே இருப்பாருங்களா?"

"இல்லை. இண்டைக்குப் போயிடுவார்."

"அப்ப அடுத்த கெழம?"

அதுதான் கேள்வி. இன்று தண்ணீர் வந்தது முத்துலிங்கம் பக்கத்தில் நின்றதால். நடராசாவும் ஒரு நாள் மாற்றலாகிப் போவார். அடுத்து வருகிறவருக்கு அந்த மணலைக் காட்ட யார் நிற்பார்கள்?

அலுவலகத்தில் முத்துலிங்கம் காத்திருந்தான். அவள் தட்டச்சில் கடதாசியைச் செருகினாள். "சொல்லுங்கோ. இந்தத் தரம் முழுக்கச் சொல்லுங்கோ."

அவள் எதிர்பாராதது நடந்தது. தண்ணீர் என்று வந்தவுடன் அந்த மனிதனுக்கு வாய் திறந்துவிட்டது. குளம் எந்த ஆண்டு திருத்தப்பட்டது, முந்தியிருந்த இஞ்சினியர் எங்கே பிழை விட்டார், எந்த வரம்பை யார் இரவில் வெட்டுவார், யாருக்கும் யாருக்கும் கதை பேச்சு இல்லை, பெரிய துருசின் கைப்பிடி எந்த இரும்பு! கடதாசி மூன்று நிறைந்தது. நடராசா கதிரையில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

விமலேஸ்வரி கையை எடுத்தாள். "உங்களை ஒரு சொல்லுக்காகத் திண்டாடினன். இப்ப நிப்பாட்டத் திண்டாட வேண்டிக் கிடக்கு. இவ்வளவையும் ஆர் வாசிக்கிறது?"

"நீர்தானே முழுக்கச் சொல்லச் சொன்னனீர்."

"நான் சொன்னது பிழை. புது ஆளுக்குத் தெரியாமல் போனால் பிழை விடக்கூடியது எது? அது மட்டும் காணும். குளம் எந்த ஆண்டு திருத்தினதெண்டு தெரியாட்டி அவர் கதவைப் பிழையாத் திறப்பாரோ?"

"இல்லை."

அவள் பேனையால் கோடு இழுத்தாள். "வரம்பு வெட்டுறவையின்ரை பேர்?"

முத்துலிங்கம் யோசித்தான். "அதை எழுதினால் வாற ஆள், அவையை என்ரை கண்ணாலைதான் பாப்பார். வெட்டுறவன் திருந்தியும் இருப்பான். வேண்டாம்."

"பெரிய துருசு ஏன் அரைவாசி?"

"போன மாரியிலை கீழ்க்கரை உடைஞ்சு மண் போட்டது. இன்னும் இறுகேல்லை."

"அது வேணும்," என்று நடராசா நிமிர்ந்தார். "காரணம் தெரியாட்டி கரையைக் கட்டி முடிச்ச பிறகும் ஆள் அரைவாசியிலையே நிப்பான்."

"அப்ப 'கரை கல்லுக்கட்டும் வரை' எண்டும் போடுவம். பலகை?"

"நாலாம் வாய்க்காலின்ரை வாய் உயரம். பலகை மறிச்சால்தான் தண்ணி ஏறும். ஆனால் பெருமழை வந்தால் எடுக்க வேணும், இல்லாட்டித் தண்ணி கரைக்கு மேலாலை பாயும்."

"பாத்தியளோ! நீங்கள் எழுதினது 'எடுக்க வேண்டாம்'. மழையிலும் எடுக்காமல் விட்டிருந்தால்?"

அவன் தலையைச் சொறிந்தான். நடராசா வாய்விட்டுச் சிரித்தார். "முத்துலிங்கம், நான் தப்பினன்!"

மூன்று பக்கம் அரைப் பக்கமாக இறங்கியது. கடைசிப் பிரதியை அவள் அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. ஏரம்பர் உள்ளே வந்து, ஒருவரையும் பாராமல் சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

"எழுதி முடிஞ்சுதோ?"

"ஓம் அப்பா."

"அந்த ஐஞ்சாம் வாய்க்கால் எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம்."

அவள் வாசித்தாள்: "ஐந்தாம் வாய்க்காலின் முறை வியாழன் தொடங்குகிறது. ஆனால் கதவைப் புதன் பின்னேரம் நாலு மணிக்குத் திறக்கவும். பாலையடி வளைவிலிருந்து மதகு வரை வாய்க்காலின் அடி மணல். ஒவ்வொரு முறைக்கும் அது முதலில் ஊற ஒரு இரவு செல்லும். வியாழன் காலை திறந்தால் வெயிலும் சேர்ந்து குடித்து, கடைக்கண்டத்துக்குச் சனிக்கிழமைதான் தண்ணீர் சேரும். இது மேலதிக தண்ணீர் அல்ல. அவர்களுடைய முறை குறையாமல் இருப்பதற்கான வழி. மழை பெய்து மணல் ஈரமாக இருந்தால் வியாழன் காலை திறந்தாலும் போதும்."

ஏரம்பர் கலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "என்னைப் பற்றி ஒண்டும் இல்லையோ? பெட்டிசக்காரன் எண்டு?"

"அது தண்ணி விசயம் இல்லை ஐயா," என்றான் முத்துலிங்கம்.

"ம்." அவர் ஒரு கதிரையை இழுத்து இருந்தார். "தம்பி, உமக்கு வாய் இருந்தது. மூண்டு வருசம் கோழிக்காரன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன், ஒரு நாளெண்டாலும் 'வாரும் ஏரம்பர், மணலை வந்து பாரும்' எண்டு சொன்னீரோ?"

"நீங்கள் கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நான் கேக்கமாட்டன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை." அவர் மகளின் பக்கம் திரும்பினார். "சரி பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தோதாய்ச் சனிக்கிழமை லீவு எடு. புலோலி ஆக்கள் வெள்ளெனவே வருவினம். இண்டைக்கு ஆளனுப்பி நேரத்தை உறுதியாச் சொல்லப் போறன்."

விமலேஸ்வரி கடதாசியை இயந்திரத்திலிருந்து உருவினாள். இழுத்த வேகத்தில் ஒரு மூலை கிழிந்தது. முத்துலிங்கம் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டான். வவுனியாவுக்கு மாறிப் போக அவன் பிடிக்க வேண்டிய பஸ் பாதையில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அவன் வாசல் வரை போனான். ஒரு காலைப் படியில் வைத்தான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபமாகவே பார்த்தாள்.

பஸ் இன்னொரு தரம் ஹோர்ன் அடித்தது. நடத்துனர் "வாறியளோ இல்லையோ?" என்று கத்தினான். முத்துலிங்கம் கையைக் காட்டிப் போகச் சொன்னான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"இதென்ன தம்பி, பஸ்ஸை விட்டிட்டு நிக்கிறீர்?" ஏரம்பர் கேட்டார்.

அவன் திரும்பி வந்து பையை மேசையில் வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"ஐயா, ஆளனுப்ப முன்னம் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. என்ரை ஊர் முள்ளியவளை. அம்மா இருக்கிறா, கலியாணம் முடிச்ச அக்கா ஒராள் இருக்கிறா. கடன் கிடன் இல்லை. உங்களுக்கு என்னைப் பிடிக்காதெண்டு தெரியும், அதுதான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. விமலாவுக்கும் இதை நான் இன்னும் ஒழுங்காச் சொல்லேல்லை, அவாவும் கேக்கட்டும்." அவன் ஒரு மூச்சு எடுத்தான். "ஐயா, உங்கட மகளை எனக்குக் கட்டித் தாங்கோ."